ஒன்பதிலிருந்து பத்துக்கு

என்னிடம் உள்ள எலெக்ட்ரிக் கிட்டார் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியில் செய்தது. வாங்கிய நாளிலிருந்து அதில் ஒன்பதாம் நம்பர் தந்திகள்தான் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நண்பர் பேச்சைக் கேட்டுப் பத்தாம் நம்பர் செட் வாங்கி மாட்டினேன். வேறெதையும் தொடவில்லை. சுருதி சேர்க்க உட்கார்ந்தால், ஒரு தந்தியை முறுக்கினால் மற்ற ஐந்தும் இறங்கின. நாலைந்து சுற்றுக்குப் பிறகு ஒருவழியாகச் சேர்ந்தது. அப்போதுதான் கவனித்தேன், பிரிட்ஜின் பின்பக்கம் உடலை விட்டு மூன்று மில்லிமீட்டர் எழும்பி நின்றது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்த தந்தி 2.2-க்குப் போயிருந்தது. மூன்றாம் தந்தியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் ட்யூனர் ஐந்து சென்ட் மேலே காட்டியது. அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு இடையிலான அரைச்சுர தூரத்தை நூறாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் சென்ட்.

மாற்றியது என்னவோ மிகக் கொஞ்சம். இந்த நம்பர்கள் ஒரு செட்டின் மிக மெல்லிய தந்தியின் விட்டத்தைக் குறிப்பவை. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு. ஒன்பதுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.025 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியில் பாதிகூட இல்லை. அந்த அரை முடி எப்படி ஒரு மரக்கழுத்தை வளைத்து, ஓர் இரும்புத் தகட்டைத் தூக்கி, சுருதியையும் கெடுத்தது என்பதுதான் இந்த அத்தியாயம்.

பிரெஞ்சுப் பாதிரியார் மரேன் மெர்சென் 1636-இல் வெளியிட்ட தந்தி விதியிலிருந்து தொடங்கலாம். தந்தி நீளமானால் சுருதி இறங்கும், இழுவிசை கூடினால் ஏறும், தந்தி கனமானால் மறுபடி இறங்கும். கிட்டாரில் நீளம் மாறுவதில்லை. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை என் கிட்டாரில் இருபத்தைந்தரை அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். சுருதியும் மாறக்கூடாது, முதல் தந்தி நொடிக்கு 330 அதிர்வுகள் கொடுத்தாக வேண்டும். ஆக, கனம் கூடினால் அதை ஈடுகட்ட இழுவிசை கூடித்தான் ஆகவேண்டும். கனம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதில்தான் சூட்சுமம். பத்தை ஒன்பதால் வகுத்து வர்க்கமாக்கினால் 1.23. விட்டம் பதினொரு சதவீதம் கூடினால் இழுவிசை இருபத்து மூன்று சதவீதம் கூடுகிறது. முதல் தந்தியில் மட்டும் ஆறு கிலோ ஏழரைக் கிலோவை நெருங்குகிறது. ஆறு தந்திகளையும் சேர்த்தால் ஒன்பதாம் நம்பர் செட்டின் மொத்த இழுப்பு சுமார் 38 கிலோ; பத்தாம் நம்பர் செட்டில் 47. நான் அறியாமலேயே கிட்டாரின் தலையிலிருந்து இன்னும் எட்டொன்பது கிலோவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

இந்தக் கூடுதல் பாரத்தை விரல் உடனே உணரும். வீணையில் கமகத்துக்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பதுபோல, எலெக்ட்ரிக் கிட்டாரிலும் தந்தியைத் தள்ளி ஒரு முழுச்சுரம் ஏற்றுவது அன்றாட வேலை. மெல்லிய தந்தியைக் கொஞ்ச தூரம் தள்ளினாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சுருதிக்கு வந்த முதல் தந்தி, தன் இயல்பான நீளத்தைவிட ஏறத்தாழ 4.6 மில்லிமீட்டர் இழுபட்டு நிற்கிறது. இந்த 4.6 தந்தியின் பருமனைப் பொறுத்ததல்ல. ஒன்பதானாலும் பத்தானாலும் அதே அளவுதான். பருத்த தந்திக்கு அதிக விசை வேண்டும், ஆனால் அதை நீட்டுவதும் அதே விகிதத்தில் கடினம், இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். அதிலிருந்து முழுச்சுரம் ஏற இன்னும் 1.2 மில்லிமீட்டர் நீட்ட வேண்டும். விரல் போக வேண்டிய தூரம் எந்த நம்பரிலும் ஒன்றே. கொடுக்க வேண்டிய பலம்தான் வேறு.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது. ஒரே சுருதியில் மெல்லிய தந்திதான் சீக்கிரம் அறுந்துபோகும் என்ற பேச்சும் முழு உண்மையல்ல. இரண்டும் தங்கள் பலத்தில் ஒரே விகிதத்தைத்தான் சுமக்கின்றன. மெல்லிய தந்தி துருவுக்கும் கூரான சேடில் விளிம்புக்கும் முதலில் பலியாகிறது, அவ்வளவுதான்.

பலம் குறைவான விரலுக்கு என்ன வழி என்பதற்கு ராக் இசையில் ஒரு பெயர்போன விடை இருக்கிறது. பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமி பர்மிங்காமில் ஓர் உலோகத்தகடு ஆலையில் வேலை செய்தபோது எந்திரம் வலது கையின் இரண்டு விரல்நுனிகளைத் துண்டித்தது. இடதுகைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே அதுதான். விரல்நுனிக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளுக்கு மாறினார். பின்னர் கிட்டாரை மூன்று அரைச்சுரம் இறக்கியும் சுருதி சேர்த்தார். மூன்று அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை நூற்றுக்கு எழுபதாகக் குறைந்துவிடும். கேட்பவர்களுக்கு அது பூதம் போன்ற கனத்த ஒலியாக வந்து சேர்ந்தது. நேர் எதிர்த் துருவம் டெக்சாஸின் ஸ்டீவி ரே வான். அவர் பதிமூன்றாம் நம்பர் தந்தியை அரைச்சுரம் மட்டும் இறக்கி வாசித்தவர். இறக்கிய பிறகும் அவருடைய முதல் தந்தியின் இழுப்பு, சாதாரண சுருதியில் இருக்கும் பத்தாம் நம்பரைப் போல ஒன்றரை மடங்கு.

நாதத்தில் என்ன மாறுகிறது? கனத்த தந்தி அதே வீச்சுக்கு அதிக ஆற்றலைச் சேமிக்கிறது. பிக்கப்பின் காந்தப்புலத்தில் அதிக இரும்பு அசைவதால் ஒலியும் கூடுகிறது. ஓங்கி அடித்தால் மெல்லிய தந்தி அகலமாக வீசி, முதல் கணத்தில் சுருதி ஏறிப் பிறகு இறங்கி நிலைகொள்ளும். கனத்த தந்தியில் இந்த ஆட்டம் குறைவு. கனத்த தந்திக்கு விறைப்பு அதிகம், விறைப்பு மேல்சுரங்களைச் சற்றே ஏற்றி மிளிர்வைக் குறைக்கும். பருமன் ஏற ஏற நாதம் மேலும் நன்றாகிக்கொண்டே போகும் என்பது கடைப்பேச்சு. என் காதுக்கு, விரல் சிரமப்படாமல் வாசிக்கக்கூடிய தந்திதான் நல்ல நாதம் தரும் தந்தி.

இனி அந்த எட்டொன்பது கிலோ எங்கே போனது என்று பார்ப்போம். ஒரு பங்கு பிரிட்ஜுக்குப் போனது. இந்த மாதிரிக் கிட்டாரில் பிரிட்ஜ் ஒரு துலாக்கோல். மேலே தந்திகள் இழுக்க, உடலின் பின்குழிக்குள் மூன்று சுருள்வில்கள் எதிர்த்திசையில் இழுக்கின்றன. தந்திப்பக்கம் கனத்ததும் தட்டு சாய்ந்தது. வில்களைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளை மாறிமாறிக் கால் சுற்றாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் சுருதியைச் சரிபார்த்து, தகட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு தந்தியை முறுக்கினால் மற்றவை இறங்கியதும் இந்தத் துலாவால்தான்.

இன்னொரு பங்கு கழுத்துக்குப் போனது. கழுத்து நேராக இருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் நூலிழை அளவு குழிந்திருக்க வேண்டும். அதிரும் தந்தி நடுவில் பருத்துக் கூர்முனைகளோடு முடியும் கதிர்க்கோல் வடிவத்தில் வீசுகிறது. அந்த வயிற்றுக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் தந்தியே நேர்கோடாகிவிடும். ஏழு, எட்டாம் ஃப்ரெட் அருகே அதற்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளிதான் குழிவு. கால் மில்லிமீட்டர் போதும். மெக்கானிக் கடைகளில் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருக்கும் மெல்லிய தகடுகளே இதற்கும் கருவி. என் கிட்டாரில் கால் இருந்த இடத்தில் 0.4 இருந்தது. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை, தலைப்பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில், கால் திருப்பு திருப்பினேன். கிப்சன் நிறுவனத்தின் தேடியஸ் மெக்யூவுக்கு இந்தக் கம்பிக்காக 1923-இல் காப்புரிமை கிடைத்தது. கால் திருப்புக்கு மேல் ஒரே மூச்சில் போகக்கூடாது. மரம் மெதுவாகத்தான் நகரும். ஓர் இரவு விட்டுப் பார்ப்பது நல்லது. முறுக்க மறுத்தால் நிறுத்திவிடுங்கள், உடைந்த ட்ரஸ் ராட் கிட்டார் விலையையே கேட்கும்.

ட்ரஸ் ராடை வைத்துத் தந்தியின் உயரத்தைச் சரிசெய்ய முயல்வதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தப்பு. உயரத்துக்கு, அதாவது ஆக்‌ஷனுக்கு, சேடில் திருகு இருக்கிறது. சேடிலை ஒரு மில்லிமீட்டர் இறக்கினால் பாதிவழியில் உள்ள பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கும். எலெக்ட்ரிக் கிட்டாரில் அங்கே 1.6 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். அகூஸ்டிக்கில் முதல் தந்திக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாகவும் ஆறாம் தந்திக்கு இரண்டரை அளவிலும் வைப்பார்கள். நைலான் தந்திக் கிட்டாரில் மூன்று, நான்கு என்று போகும், ஏனெனில் அந்தத் தந்தி அகலமாக வீசும்.

மிகவும் தாழ்த்தினால் தந்தி ஃப்ரெட்டில் மோதி நறநறக்கும். அந்த நறநறப்பு எங்கே வருகிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். முதல் நாலைந்து ஃப்ரெட்டுகளில் மட்டும் வந்தால் கழுத்தில் குழிவு போதாது. பன்னிரண்டுக்கு மேல் மட்டும் வந்தால் சேடில் தாழ்ந்திருக்கிறது. அழுத்தாத தந்தியில் மட்டும் வந்தால் நட்டின் வெட்டு தேய்ந்து ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் துருத்திக்கொண்டு நிற்கிறது, அதற்கு எந்தத் திருகும் மருந்தாகாது. மோதும் ஒவ்வொரு முறையும் தந்தி ஆற்றலை இழக்கும், ஆகவே மிகத் தாழ்ந்த ஆக்‌ஷனில் ஒலி சட்டெனச் செத்துவிடும். உயர்த்தினால் நாதம் தெளிவாகும், விரல் வலிக்கும்.

இங்கே ஒரு சின்ன விலகல். கிட்டார் கற்கத் தொடங்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் எஃப் கார்டு வந்ததும் திணறுவார்கள். முதல் ஃப்ரெட்டில் ஒரே விரலால் ஆறு தந்திகளையும் அழுத்த வேண்டிய கார்டு அது. விரலில் பலம் இல்லை என்று வாத்தியார் சொல்வார். மலிவான கிட்டார்களில் பெரும்பாலும் குற்றவாளி நட். தொழிற்சாலையில் வெட்டை ஆழமாகப் போடாமல் விட்டுவிடுவார்கள். சோதிப்பது எளிது: மூன்றாம் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாளை நுழைக்கும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால், அந்தப் பிள்ளைமேல் பழி போடாதீர்கள். அப்படிப்பட்ட நட்டில் முதல் இரண்டு ஃப்ரெட்டுகளின் சுரங்களெல்லாம் சுருதி ஏறியும் ஒலிக்கும். அது ஏன் என்பதே அடுத்த கதை.

பன்னிரண்டாம் ஃப்ரெட் நட்டிலிருந்து சரியாக 324 மில்லிமீட்டரில் இருக்கிறது, 648-இல் பாதி. நீளம் பாதியானால் சுருதி இரட்டிப்பாக வேண்டும். ஆனால் அழுத்தும்போது தந்தி இறங்கி ஃப்ரெட்டைத் தொடுகிறது, நேர்கோடு ஒரு தட்டையான ‘வி’ ஆகிறது, தந்தி நீளுகிறது. இரண்டு மில்லிமீட்டர் இறக்கினால் எவ்வளவு நீளும்? பிதாகரஸ் கணக்குப்படி 0.012 மில்லிமீட்டர். அதைப் போய் யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றும். முதல் தந்தி ஏற்கெனவே 4.6 மில்லிமீட்டர் இழுபட்டு நிற்கிறது, அதோடு 0.012 சேர்ந்தால் சுருதி இரண்டு சென்ட் சொச்சம் ஏறும், அநேகமாக யாருக்கும் கேட்காது. மூன்றாம் தந்தியோ ஆறு தந்திகளின் வரிசையில் சுருள் சுற்றாத வெறும் எஃகுத் தந்திகளிலேயே மிகத் தாழ்ந்த சுருதி உள்ளது, 1.6 மில்லிமீட்டர்தான் இழுபட்டிருக்கிறது. அதே 0.012 அதற்குப் பெரிய பங்கு; ஆறு சென்ட்டுக்கு மேல் ஏறிவிடும். மூன்றாம் தந்தி சிறிது தள்ளினாலே வளைந்து சுரம் ஏறுவதை வாசிப்பவர்கள் அறிவார்கள். சுகமாக வளைவதும் சுருதி தப்புவதும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள்.

இதற்குப் பரிகாரம் சேடிலைப் பின்னால் தள்ளித் தந்தியைச் சற்று நீளமாக்குவது. இதைத்தான் இன்டோனேஷன் என்கிறோம். வீணையில் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். அங்கே இருபத்து நான்கு மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்படுகின்றன. மேளம் கட்டுபவர் காதால் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் நகர்த்தி அமர்த்துவார். கிட்டாரில் ஃப்ரெட்டுகள் மரத்தில் ரம்பத்தால் கீறிய பள்ளத்தில் அடித்திறக்கப்பட்டவை, நகராது. நகர்த்த மிஞ்சியது தந்தியின் ஒரு முனை மட்டுமே. ஆறு தந்திக்கும் தனித்தனியாக நகரும் சேடில்கள் 1954-இல் இரண்டு போட்டி நிறுவனங்களிடமிருந்தும் வந்தன: ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும், கிப்சனின் டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜிலும்.

செய்முறை இதுதான். தந்தியைச் சுருதி சேர்த்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் வாசிக்கும்போது அழுத்தும் அதே அழுத்தத்தோடு மீட்டி ட்யூனரைப் பாருங்கள். மேலே காட்டினால் சேடிலை நட்டிலிருந்து விலக்குங்கள், கீழே காட்டினால் நெருக்குங்கள். பிறகு மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் ஏறத்தாழ இரண்டே முக்கால் சென்ட் சரியாகும். எல்லாம் முடிந்ததும் சேடில்கள் ஒரு படிக்கட்டுபோல நிற்கும்: முதல் தந்தியுடையது முன்னால், இரண்டாவது சற்றுப் பின்னால், மூன்றாவது இன்னும் பின்னால். நாலாவதில் திடீரென முன்னால் தாவி, ஆறாவது வரை மறுபடி பின்வாங்கும். நாலாம் தந்தியில் சுருள் சுற்றியிருக்கிறது; இழுப்பைத் தாங்குவது உள்ளே ஓடும் மெல்லிய கம்பி மட்டுமே. அது நன்றாக இழுபட்டு நிற்பதால் அழுத்தினாலும் அதிகம் தப்புவதில்லை. உங்கள் கிட்டாரில் இந்தப் படிக்கட்டு தாறுமாறாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இப்போது என் கிட்டாரின் ஐந்து சென்ட்டுக்கு வருவோம். முழுக்க எஃகான தந்தியில் இழுபடும் கணக்கு பருமனைப் பொறுத்ததல்ல என்று முன்பே பார்த்தோம். அப்படியானால் ஒன்பதைப் பத்தாக்கியதும் மூன்றாம் தந்தி ஏன் தப்ப வேண்டும்? விடை ஆக்‌ஷனில் இருக்கிறது. தந்தி நீளும் அளவு உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1.6 மில்லிமீட்டர் 2.2 ஆனபோது உயரம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, நீட்சி ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. மூன்றாம் தந்திக்கு அதுவே நாலு சென்ட். எழும்பிய பிரிட்ஜ் சேடிலைச் சற்று முன்னால் தள்ளியதும், தடித்த தந்தியின் விறைப்பும் மிச்சத்தைப் போட்டிருக்கும். நான் அன்று முதலில் செய்ததோ இன்டோனேஷன் திருகைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் போராடியது. அது தலைகீழ் வேலை. வில்லையும் கழுத்தையும் ஆக்‌ஷனையும் சரிசெய்த மறுநாள், நான் நகர்த்திய சேடிலைத் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து பார்த்தபோது ஐந்து சென்ட் ஒன்றாகிவிட்டிருந்தது.

ட்யூனரே குழம்பும் ஓர் இடமும் உண்டு. ஆறாம் தந்தியை மேல் ஃப்ரெட்டுகளில் மீட்டினால் இரண்டு சுருதி சேர்ந்து அலைவதுபோல் கேட்டால், பிக்கப் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். பிக்கப்பை இறக்காமல் சேடிலை எத்தனை நகர்த்தினாலும் பலன் இல்லை.

எல்லாம் செய்த பிறகும் கிட்டார் முழுதாகச் சுருதிக்கு வராது. சேடில் ஒரு தந்தியை இரண்டு இடங்களில் சரியாக்கும், அழுத்தாத நிலையிலும் பன்னிரண்டிலும்; இடைப்பட்டவை இரண்டு மூன்று சென்ட் முன்னே பின்னேதான் இருக்கும். அதோடு ஃப்ரெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டியவை. தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியில் தானாக எழும் அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து 386 சென்ட்டில் இருக்கிறது. கிட்டாரின் நாலாம் ஃப்ரெட் கொடுப்பது 400. கர்நாடக சங்கீதத்தில் ஊறிய காது அந்தப் பதினான்கு சென்ட்டைக் கேட்டு, இன்டோனேஷன் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடும். ஒரு கார்டு இனிக்க வேண்டுமென்று காதால் ஒரு தந்தியை இறக்கினால் அடுத்த கார்டு புளிக்கும். இதைத் தீர்க்கும் திருகு எந்தக் கிட்டாரிலும் இல்லை.

நம்பர் மாற்றப் போகிறவர்களுக்கு வரிசையை மட்டும் சொல்லிவிடுகிறேன்: புதுத்தந்தி, வில், கழுத்து, ஆக்‌ஷன், கடைசியில் இன்டோனேஷன். துருப்பிடித்த பழைய தந்தியில் கடைசி வேலையைச் செய்யாதீர்கள். ஒருபக்கம் தேய்ந்து ஒருபக்கம் அழுக்கேறிய தந்தியின் கனம் சீராக இருக்காது, ட்யூனர் சொல்வதை நம்ப முடியாது. என் கிட்டாரில் இப்போதும் பத்தாம் நம்பர்தான். மூன்றாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட்டில் இரண்டு சென்ட் ஏறித்தான் நிற்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.